ஒருவருக்கு மூன்று அறிமுகக் குறிப்புகள்: வங்கிக்கு, புத்தொழிலுக்கு, தொண்டு நிறுவனத்துக்கு

(மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கான வேலைவாய்ப்பு வழிகாட்டல் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதத்தோடு பயோடேட்டாவும் எழுதப் பழக்குகிறோம். பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி, தெரிந்த மொழிகள் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் பட்டியல் அது. அதில் விவரம் சரியாக இருந்தால் போதும். தொனி என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம் மாணவர்கள் வேலைக்குப் போனபின் இன்னொன்றையும் கேட்கிறார்கள். "உங்களைப் பற்றி எண்பது வார்த்தைகளில் எழுதித் தாருங்கள்" என்கிறார்கள். வங்கி தன் வாடிக்கையாளர்களுக்குப் புதிய அலுவலரை அறிமுகம் செய்யும்போது, புத்தொழில் நிறுவனம் தன் இணையதளத்தில் 'எங்கள் குழு' என்ற பக்கத்தை அமைக்கும்போது, தொண்டு நிறுவனம் ஆண்டறிக்கை வெளியிடும்போது இது தேவைப்படுகிறது. இதைத்தான் 'பயோ' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நாம் அறிமுகக் குறிப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

இது பட்டியல் அல்ல, பத்தி. பத்தி என்றால் எதை முதலில் சொல்வது, எதை விடுவது, 'நான்' என்பதா 'இவர்' என்பதா என்ற கேள்விகளெல்லாம் வந்துவிடும். அப்போது மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள்? "கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாகப் பணியாற்றும் திறன் கொண்டவர்" என்று எழுதுகிறார்கள். இந்த வாக்கியம் வங்கிக்கும் பொருந்தும், புத்தொழிலுக்கும் பொருந்தும், தொண்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். அதனாலேயே மூன்று இடத்திலும் அது எதையும் சொல்வதில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வீட்டில் யாராவது இருப்பார்கள். முதல் தலைமுறையாகப் படித்து வரும் நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

தொனியைப் பற்றி நான் வகுப்பில் ஒரே ஒரு கேள்வியைத்தான் முன்வைக்கிறேன். இந்தக் குறிப்பைப் படிப்பவர் உங்களை நம்பி எதைக் கொடுக்கப்போகிறார்? எதைக் கொடுக்கிறாரோ அதைப் பற்றித்தான் அவருக்குச் சந்தேகம் இருக்கும். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் குரல்தான் தொனி.

வங்கியின் வாடிக்கையாளர் தன் பணத்தைக் கொடுக்கிறார். "பத்திரமாக இருக்குமா?" என்பது அவர் சந்தேகம். புத்தொழிலின் வாடிக்கையாளர் இன்னும் யாரும் அதிகம் பயன்படுத்திப் பார்க்காத ஒரு பொருளுக்குத் தன் நேரத்தைக் கொடுக்கிறார். "இவர்களால் இது முடியுமா?" என்பது அவர் சந்தேகம். தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை தருபவரும் பணம்தான் கொடுக்கிறார், ஆனால் அது அவருக்குத் திரும்பி வராத பணம். வேறொருவருக்குப் போக வேண்டிய பணம். "போய்ச் சேருமா? சேரும் இடத்தில் அந்த மனிதர்களை எப்படி நடத்துகிறார்கள்?" என்பது அவர் சந்தேகம்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். பாடத்துக்காக நான் அமைத்துக்கொண்ட ஒரு முன்னாள் மாணவி இவர். பெயர் வேண்டாம், 'மாணவி' என்றே சொல்கிறேன். அவரைப் பற்றிய செய்திகள் இவை.

அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. 2016இல் பி.காம். முடித்தார். 2017 முதல் 2024 வரை ஒரு வங்கிக் கிளையில் உதவியாளர் வேலை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் கடன் கேட்டு வரும்போது அவர்களுடைய ஆவணங்களைச் சரிபார்ப்பது அவர் பணி. அப்படி 62 குழுக்களின் ஆவணங்களைப் பார்த்திருக்கிறார். வங்கி ஊழியர்கள் எழுதும் ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வில் 2020இல் தேர்ச்சி பெற்றார். தமிழ், ஆங்கிலம், தெலுங்கு பேசுவார்.

பதினேழு வயதிலிருந்து தன் அம்மா இருக்கும் 12 பேர் கொண்ட குழுவுக்குக் கணக்கு எழுதி வருகிறார். நோட்டில் எழுதிய கணக்கைச் செல்பேசியிலேயே எழுதும்படி தமிழில் ஓர் எக்செல் தாள் செய்தார். முதல் இரண்டு வடிவங்கள் எடுபடவில்லை. மூன்றாவதை இப்போது 9 குழுக்கள் பயன்படுத்துகின்றன. 2021 முதல் சனி, ஞாயிறு மாலைகளில் தன் தெருக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார். பதிவேட்டில் 24 குழந்தைகள், ஒரு மாலைக்குச் சராசரியாக 17 பேர் வருகிறார்கள். இடம் கொடுத்ததும் முறைவைத்துக் கூட இருப்பதும் குழந்தைகளின் தாய்மார்கள். அதற்கான சிறு வரவு செலவுக் கணக்கை மாணவிதான் எழுதுகிறார்.

இப்போது இவர்முன் மூன்று வேலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, ஒரு வங்கியில் சுய உதவிக் குழுக் கடன்களுக்கான கள அலுவலர். இரண்டு, சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்குச் செயலி தயாரிக்கும் ஒரு புத்தொழில் நிறுவனம். மூன்று, மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம். மூன்று இடத்திலும் ஆள் ஒருவர்தான். செய்திகளும் இவைதான்.

முதலில் வங்கி.

"செல்வி (முதலெழுத்துடன் முழுப் பெயர்), மகளிர் சுய உதவிக் குழுக் கடன்களுக்கான கள அலுவலராகப் பொறுப்பேற்கிறார். 2016ஆம் ஆண்டு வணிகவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர். 2017 முதல் 2024 வரை (வங்கியின் பெயர், கிளை) உதவியாளராகப் பணியாற்றி, 62 சுய உதவிக் குழுக்களின் கடன் ஆவணங்களைச் சரிபார்த்துள்ளார். ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வில் 2020ஆம் ஆண்டு தேர்ச்சி பெற்றவர். தமிழ், ஆங்கிலம், தெலுங்கு ஆகிய மொழிகளில் வாடிக்கையாளர்களுடன் உரையாடுவார்."

படிக்கும்போது சற்று வறட்சியாகத் தோன்றலாம். அந்த வறட்சி இங்கே தேவைதான். இதில் உள்ள பெரும்பாலான வாக்கியங்களை ஒரு தாளைக் காட்டி உறுதிப்படுத்தலாம். பட்டச் சான்றிதழ், பணி அனுபவச் சான்று, தேர்வுச் சான்றிதழ் என்று மூன்று தாள்கள் போதும். பணத்தைக் கொடுக்கப்போகிறவருக்கு வேண்டியது இதுதான். பெயர் முதலெழுத்தோடு முழுமையாக இருக்கிறது, ஏனென்றால் வங்கியில் பெயர் என்பது கையெழுத்துக்கும் பொறுப்புக்கும் உரியது. படர்க்கையில் எழுதப்பட்டிருக்கிறது, ஏனென்றால் இங்கே மாணவியை அறிமுகம் செய்வது வங்கி. 'திறம்பட', 'சிறப்பாக', 'மாபெரும்' போன்ற அடைமொழி ஒன்றுகூட இல்லை. 'பெற்றவர்' என்பதும் 'உரையாடுவார்' என்பதும் தேவையான மரியாதையைத் தந்துவிடுகின்றன. விழா அழைப்பிதழில் வருவதுபோல 'அவர்கள்' சேர்த்தால் மரியாதை கூடாது, விளம்பரத்தன்மைதான் கூடும்.

இதில் 'சரிபார்த்துள்ளார்' என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். மாணவர்கள் இந்த இடத்தில் 'கடன் வழங்கினார்' என்றோ 'கடன்களை நிர்வகித்தார்' என்றோ எழுதுவார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் கடனை அனுமதிக்கும் அதிகாரம் உதவியாளருக்கு இல்லை. 'கடன் வழங்கினார்' என்று படித்த ஒரு குழுத் தலைவி, "அம்மா, எங்களுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுங்கள்" என்று நேரே இவரிடம் வருவார். இவரால் முடியாது. நம்பிக்கை அந்த இடத்திலேயே குறையத் தொடங்கும். வங்கிக் குறிப்பில் வினைச்சொல் அதிகாரத்தின் அளவைத் தாண்டக் கூடாது. அதேபோல 'உடனடிக் கடன்', 'எளிதில் கிடைக்கும்' போன்ற சொற்களும் வரக் கூடாது. அவை அறிமுகம் அல்ல, வாக்குறுதி. அந்த வாக்குறுதியைத் தர இவருக்கு உரிமை இல்லை.

எதை விட்டோம் என்பதும் முக்கியம். எக்செல் தாளை விட்டோம். அது இவருடைய வாழ்க்கையில் மிக நல்ல வேலை. ஆனால் வங்கி வாடிக்கையாளர் அதைப் படித்தால் அவருக்கு என்ன தோன்றும்? "எங்கள் கணக்கு விவரங்களை இவர் சொந்தமாக எங்கேயாவது எழுதி வைப்பாரோ?" என்று தோன்றலாம். இன்னொரு இடத்தில் பெருமையாக இருக்கும் செய்தி இங்கே சந்தேகத்தைக் கிளப்புகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதையும் விட்டோம். அது மறைக்க வேண்டிய செய்தி அல்ல. பணம் பத்திரமாக இருக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

வங்கிகளின் ஆண்டறிக்கையில் இயக்குநர்களைப் பற்றிய குறிப்புகள் வரும். அவற்றை வகுப்பில் காட்டலாம். கணக்கியல், வேளாண்மை, கூட்டுறவு, சட்டம், பொருளியல் என்று ஒவ்வொருவருடைய துறையும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். அது அலங்காரத்துக்காக அல்ல. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10ஏ பிரிவு, வங்கி நிறுவனத்தின் இயக்குநர்களில் குறைந்தது 51 விழுக்காட்டினருக்கு இப்படிப்பட்ட துறைகளில் சிறப்பறிவோ நடைமுறை அனுபவமோ இருக்க வேண்டும் என்கிறது. வங்கிக் குறிப்பின் தொனி ஏன் இப்படிக் கட்டுப்பாடாக இருக்கிறது என்பது இதைச் சொன்னால் மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

அடுத்து, புத்தொழில் நிறுவனம்.

"நான் (வீட்டில் கூப்பிடும் பெயர்). பதினேழு வயதில் அம்மாவின் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். அதே கணக்கைச் செல்பேசியில் எழுத, தமிழில் ஓர் எக்செல் தாள் செய்தேன். முதல் இரண்டு வடிவங்களைக் குழுவில் யாரும் தொடவில்லை. எழுத்து சிறியது, கட்டங்கள் அதிகம். மூன்றாவதை இப்போது 9 குழுக்கள் பயன்படுத்துகின்றன. ஏழு ஆண்டுகள் வங்கிக் கிளையில் 62 குழுக்களின் ஆவணங்களைச் சரிபார்த்தேன். ஒரு குழுவின் கணக்கு எந்த இடத்தில் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். இங்கே, குழுக்களோடு உட்கார்ந்து செயலியைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை."

குரலே மாறிவிட்டது. 'நான்' வந்துவிட்டது. சிறிய நிறுவனத்தில் எழுதியவரும் பேசுகிறவரும் ஒருவரே என்பது படிப்பவருக்குத் தெரியும். அங்கே 'இவர்' என்று எழுதினால் ஆறு பேர் உள்ள நிறுவனம் அறுநூறு பேர் இருப்பதுபோல வேடம் போடுவதாகத் தோன்றும். வாக்கியங்கள் குறுகிவிட்டன. எழுதினேன், செய்தேன், சரிபார்த்தேன் என்று செயல்கள் முன்னால் வந்துவிட்டன. பட்டம் காணாமலே போய்விட்டது. "இவர்களால் முடியுமா?" என்று கேட்பவருக்கு என்ன படித்தார் என்பதைவிட என்ன செய்து பார்த்தார் என்பதுதான் பதில்.

இங்கே மாணவர்களை ஆச்சரியப்படுத்துவது, எடுபடாமல் போன இரண்டு வடிவங்களையும் சொல்லியிருப்பதுதான். "அதைப் போய் யாராவது எழுதுவார்களா சார்?" என்று கேட்பார்கள். வங்கிக் குறிப்பில் எழுதக் கூடாது. புத்தொழிலில் எழுதலாம், ஆனால் காரணத்தோடு எழுத வேண்டும். 'யாரும் தொடவில்லை' என்று மட்டும் நிறுத்தினால் அது தோல்வி. 'எழுத்து சிறியது, கட்டங்கள் அதிகம்' என்று சேர்க்கும்போது, இவர் பயன்படுத்துபவரைக் கவனிக்கிறார் என்பது தெரிகிறது. புதிய பொருளைத் தொடப் போகிறவருக்கு அதுதான் வேண்டும். பொருளில் குறை இருக்கும் என்று அவருக்கே தெரியும். சொன்னால் திருத்துவார்களா என்பதுதான் அவர் கேள்வி.

இந்தத் தொனியில் கெடுவது எங்கே என்றும் சொல்ல வேண்டும். இரண்டு இடங்களில் கெடும். முதலாவது, கடன் வாங்கிய பெரிய சொற்கள். 'புரட்சிகரமான', 'உலகத்தரம் வாய்ந்த', 'இத்துறையையே மாற்றியமைக்கும்' என்று மாணவர்கள் எங்கோ பார்த்ததை எழுதுவார்கள். அந்தச் சொற்களை எடுத்துவிட்டு வாக்கியத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது, எண். 9 குழுக்கள் என்று எழுதக் கூச்சப்பட்டு, 'பல குழுக்கள்' என்று எழுதுவார்கள். 'பல' என்றால் படிப்பவர் மனத்தில் ஓர் எண் உருவாகும். உண்மை தெரியும்போது அது உடையும். ஒன்பது என்று எழுதினால் உடைய ஒன்றுமில்லை. தன் தாளை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று இவர் எண்ணி வைத்திருக்கிறார் என்பதும் தெரியும்.

தோழமையான தொனி என்பதற்காக எல்லை இல்லாமல் போய்விடக் கூடாது. இந்தச் செயலியில் பதியப்படுவது பெண்களின் சேமிப்புக் கணக்கு. ஆகவே இங்கேயும் 'சரிபார்த்தேன்' என்ற சொல் அப்படியே இருக்கிறது, 'கடன் கொடுத்தேன்' என்று மாறவில்லை. எண்களும் மாறவில்லை. குரல்தான் மாறியிருக்கிறது.

மூன்றாவது, தொண்டு நிறுவனம். மூன்றில் கடினமானது இதுதான். சொல்லப்போனால், நம்மைப் போன்றவர்கள் விழா மேடைகளில் கேட்டுப் பழகிய தமிழ் இந்த இடத்தில்தான் நம்மை வழிதவற வைக்கும். ஆகவே முதலில் எழுதக் கூடாததைக் காட்டிவிடுகிறேன்.

"அறியாமை இருளில் தவித்த ஏழை எளிய குழந்தைகளின் வாழ்வில் கல்வி ஒளியேற்றி வரும் தன்னலமற்ற சேவைச் செம்மல்."

இதை யார் படிப்பார்கள்? நன்கொடை தருபவர் மட்டும் படிப்பார் என்று நினைக்கிறோம். அந்தத் தெருவில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பெண்ணும் படிப்பாள். தான் இருளில் தவித்தவள் என்று அவள் தெரிந்துகொள்வாள். அவளுடைய அம்மாவும் படிப்பார். தன் வீட்டுத் திண்ணையைக் கொடுத்து, வாரம் ஒருநாள் கூட உட்கார்ந்திருப்பவர் அவர். அவரைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு சொல் இல்லை. வங்கிக் குறிப்பிலும் புத்தொழில் குறிப்பிலும் இரண்டே பேர்தான், எழுதுகிறவரும் படிக்கிறவரும். தொண்டு நிறுவனக் குறிப்பில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதுகிறோம், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை. தொனி முதலில் அவருக்குக் கட்டுப்பட வேண்டும்.

இப்படி எழுதலாம்.

"(பெயர்) எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்தை ஊதியப் பணியாளராக ஒருங்கிணைக்கிறார். இங்கு வருவதற்கு முன்பே, 2021 முதல் சனி, ஞாயிறு மாலைகளில் தம் தெருக் குழந்தைகளுக்கு ஊதியமின்றிக் கணக்குப் பாடம் சொல்லித்தந்து வருகிறார். பதிவேட்டில் 24 குழந்தைகள் உள்ளனர், ஒரு மாலைக்குச் சராசரியாக 17 பேர் வருகிறார்கள். இடம் கொடுப்பதும் முறைவைத்து உடனிருப்பதும் குழந்தைகளின் தாய்மார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் குடும்பத்தின் முதல் பட்டதாரியான இவர், ஏழு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவர். மையத்தின் வரவு செலவுக் கணக்கும் இவர் பொறுப்பில் உள்ளது."

இதில் நான்கு செய்திகளைக் கவனியுங்கள்.

'ஊதியப் பணியாளர்' என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறது. சம்பளம் வாங்குவது குறையல்ல. ஆனால் சம்பளம் வாங்குபவரைத் 'தன்னலமற்ற சேவை' என்று எழுதினால், பிறகு கணக்கைப் பார்க்கும் நன்கொடையாளருக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வரும். ஊதியம் உள்ள வேலை எது, ஊதியமில்லாத வேலை எது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

24 என்று நிறுத்தாமல் 17 என்பதையும் சொல்லியிருக்கிறது. வருகைப் பதிவேடு வைத்திருக்கும் நமக்கு இது தெரிந்த விஷயம். பெயர்ப் பட்டியலில் இருப்பது ஒன்று, வந்து உட்காருவது வேறொன்று. இரண்டையும் சொல்பவர் பதிவேட்டைத் திறந்து காட்டத் தயாராக இருக்கிறார் என்று பொருள்.

தாய்மார்கள் எழுவாயாக வந்திருக்கிறார்கள். 'தாய்மார்களின் ஒத்துழைப்புடன்' என்று எழுதியிருந்தால் அவர்கள் வாக்கியத்தின் ஓரத்துக்குப் போயிருப்பார்கள். வேலை செய்தவர் எழுவாயாக இருக்க வேண்டும் என்பது இலக்கண வகுப்பிலேயே சொல்லித்தரக்கூடிய செய்தி.

'முதல் பட்டதாரி' இங்கே இடம்பெறுகிறது. வங்கிக் குறிப்பில் விட்ட அதே செய்திதான். இங்கே இது படிப்பவரின் கேள்விக்குப் பதில் சொல்கிறது. குழந்தைகளை மேலே நின்று பார்ப்பவர் அல்ல, அதே பாதையில் வந்தவர் என்று சொல்கிறது. ஆனால் 'வறுமையிலும் படித்து' என்ற சொற்களைச் சேர்க்கவில்லை. இரக்கத்தைக் கேட்டு வாங்கும் வேலையை அவருடைய சொந்த வாழ்க்கையும் செய்யக் கூடாது.

சொற்களைப் பற்றி இன்னும் ஒன்று. 'மாற்றுத்திறனாளி', 'திருநங்கை' என்ற சொற்கள் நம் மாநிலத்தில் அரசு வழக்கிலேயே நிலைபெற்றுவிட்டன. பழைய சொற்களைத் தொண்டு நிறுவனக் குறிப்பில் பார்த்தால் அந்த நிறுவனம் யாருக்காக இருக்கிறதோ அவர்களோடு பழகவில்லை என்றுதான் தோன்றும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை, சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியாக இருக்கும் குழந்தை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் தெரியும்படியான வேறு விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. 'இன்ன ஊர் இல்லத்தில் இருந்த இன்ன பையனைப் படிக்க வைத்து' என்று தன் குறிப்பில் ஒருவர் பெருமையாக எழுதினால், அது தொனிப் பிழையோடு நிற்காது. குழந்தைகளோடு வேலை செய்யப் போகும் நம் மாணவர்கள் இதை முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று குறிப்புகளும் சரியாக வந்திருக்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இடம் மாற்றி வைத்துப் பார்ப்பதுதான் வழி. புத்தொழில் குறிப்பை வங்கியில் வையுங்கள். "முதல் இரண்டு வடிவங்களை யாரும் தொடவில்லை" என்று படிக்கும் வைப்புத்தொகைக்காரர் பாஸ்புக்கைத் திரும்பப் பார்ப்பார். வங்கிக் குறிப்பைப் புத்தொழிலில் வையுங்கள். "எல்லாம் சரி, இங்கே இவர் என்ன செய்யப்போகிறார்?" என்று கேட்பார்கள். தொண்டு நிறுவனக் குறிப்பை வங்கியில் வைத்தால், "நல்ல பெண்தான், கடன் வேலை தெரியுமா?" என்பார்கள். இடம் மாற்றியும் ஒன்றும் உறுத்தவில்லை என்றால், அந்தக் குறிப்பு எந்த இடத்துக்குமே எழுதப்படவில்லை என்று பொருள்.

அடுத்த சோதனை, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. தேதி, எண், பதவி, வினைச்சொல் ஆகியவை ஒன்றோடொன்று மோதக் கூடாது. ஒரு குறிப்பில் 'சரிபார்த்தார்', இன்னொன்றில் 'நிர்வகித்தார்' என்றால் தொனி மாறவில்லை, செய்தியே மாறிவிட்டது. இன்று மூன்று குறிப்புகளும் இணையத்தில் இருக்கும். ஒரே ஆள் மூன்றையும் தேடிப் படிக்க ஐந்து நிமிடம் போதும்.

வாசலில் உள்ள பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துத் தொனியை முடிவு செய்துவிடவும் கூடாது. புத்தொழில் என்று பலகை இருக்கும், ஆனால் உள்ளே மக்களின் பணத்தைக் கையாளுவார்கள். தொண்டு நிறுவனமாக இருக்கும், ஆனால் சிறுகடன் கொடுப்பார்கள். அங்கெல்லாம் பணத்தைப் பற்றிய வாக்கியங்கள் வங்கிக் குறிப்பைப் போலவே இருக்க வேண்டும். கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே முழு முறைமையோடு எழுதினால் விலகி நிற்பதுபோல் ஆகும். படிப்பவர் எதைக் கொடுக்கிறார் என்ற கேள்வியைக் கேட்டால் இந்தக் கலப்பு இடங்களிலும் விடை கிடைக்கும்.

வகுப்பில் இதை நான் இரண்டு பாடவேளையில் செய்கிறேன். முதல் பாடவேளையில் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பற்றிய செய்திகளைப் பட்டியலிட வேண்டும். அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராகவும் இருக்கலாம், அவருடைய சம்மதம் மட்டும் வேண்டும். பட்டியலில் அடைமொழி கூடாது என்பது ஒரே விதி. தன்னைப் பற்றியே எழுதச் சொல்வதில்லை. பதினேழு வயதில் சொல்ல அதிகம் இருக்காது, இல்லாததை நிரப்ப அடைமொழியைத் தேடுவார்கள்.

இரண்டாம் பாடவேளையில் வகுப்பு மூன்று குழுவாகப் பிரியும். ஒரே பட்டியலை வைத்து ஒரு குழு வங்கிக்கும், ஒரு குழு புத்தொழிலுக்கும், ஒரு குழு தொண்டு நிறுவனத்துக்கும் எழுதும். எண்பது சொற்களுக்கு மேல் போகக் கூடாது. எழுதத் தொடங்குமுன் தாளின் மேலே படிப்பவரின் சந்தேகத்தை ஒரு வரியில் எழுத வேண்டும், பட்டியலில் எந்தச் செய்தியை விட்டோம், ஏன் விட்டோம் என்பதைத் தாளின் பின்பக்கம் எழுத வேண்டும். பிறகு தலைப்பில்லாமல் வாசிப்பார்கள். எது எந்த இடத்துக்கு என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாத தாளைத்தான் நாங்கள் அதிக நேரம் பேசித் திருத்துகிறோம். மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது அந்தப் பின்பக்கத்தைத்தான். காரணத்தோடு விடத் தெரிந்தவருக்குத் தொனி பிடிபட்டுவிட்டது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், "இதில் எங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். ஐந்தாம் வகுப்புக் குழந்தையிடம் "நேற்று மழையில் உன் நோட்டு நனைந்ததைத் தோழிக்கு ஒரு வரியில் எழுது, தலைமையாசிரியருக்கு ஒரு வரியில் எழுது" என்று சொல்லிப் பாருங்கள். நடந்தது ஒன்றுதான். தோழிக்கு எழுதும்போது நனைந்த படம் முதலில் வரும், தலைமையாசிரியருக்கு எழுதும்போது வேறு நோட்டு வேண்டும் என்பது முதலில் வரும். மேல்நிலை வகுப்பில் நாங்கள் செய்வது இதன் தொடர்ச்சிதான்.

இந்த மாணவி மூன்று வேலைகளில் எதற்குப் போனாலும் சரி, அவருக்கு அந்தப் பட்டியல் ஒன்று கையில் இருக்க வேண்டும். தேதி, எண், பதவி, சரியான வினைச்சொல் என்று அடைமொழி இல்லாத பட்டியல். குறிப்பு கேட்கும்போதெல்லாம் பழைய குறிப்பைத் திருத்தாமல், அந்தப் பட்டியலிலிருந்து புதிதாக எழுதச் சொல்லுங்கள். பழைய குறிப்பைத் திருத்தினால் பழைய இடத்தின் தொனி எங்காவது ஒரு வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டே வரும்.